சாட்பாட்டை 'கறாரான' இன்டர்வியூவராக மாற்றுவது எப்படி? ஃப்ரெஷர்களுக்கான பிராம்ப்ட்

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போது சாட்பாட்டைத் திறந்து, 'நீ ஒரு கறாரான இன்டர்வியூவர், என்னைக் கேள்வி கேள்' என்று டைப் செய்து பார்த்திருப்பீங்க. பல நேரம் பத்து கேள்வி மொத்தமாக வந்து விழும். இல்லையென்றால் ஒவ்வொரு பதிலுக்கும் 'அருமை' என்று தட்டிக்கொடுத்துவிட்டு, நீங்க விட்டதையும் அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

இதற்குக் காரணம் இருக்கு. எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடித்தது என்ற மதிப்பீட்டை வைத்தும் இந்த மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதனால் ஆமாம் போடும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. 'கறார்' என்று மட்டும் சொன்னால் பேச்சு கொஞ்சம் கடுமையாகும், கேள்வி அதேதான். ஆனால் நிஜ டெக்னிக்கல் ரவுண்டில் ஃப்ரெஷர்கள் திணறுவது அதட்டலால் அல்ல. சொன்ன பதிலில் இருந்தே அடுத்த கேள்வி வரும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதை பிராம்ப்ட்டில் விதியாகவே எழுத வேண்டும்:

```
நீ ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெக்னிக்கல் இன்டர்வியூவர்.
நான் ஜாவா டெவலப்பர் வேலைக்கு வந்திருக்கும் ஃப்ரெஷர்.
என் ப்ராஜெக்ட்: [ரெஸ்யூமேயில் உள்ள வரிகள்]
- ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதிலுக்குக் காத்திரு.
- அடுத்த கேள்வி என் பதிலில் இருந்து வரவேண்டும்.
  ஒரே விஷயத்தை நான்கு கேள்வி வரை தோண்டு.
- பாராட்டாதே. க்ளூ தராதே. விடையைச் சொல்லாதே.
- நான் "முடிந்தது" என்றதும், என் வார்த்தைகளை அப்படியே
  எடுத்துக்காட்டி, எங்கே சறுக்கினேன் என்று சொல்.
- கேள்விகளை ஆங்கிலத்தில் கேள்.
```

இதில் முக்கியமானது ப்ராஜெக்ட் வரி. அதைக் காலியாக விட்டால் யாருக்கும் பொருந்தும் பொதுக் கேள்விகள்தான் வரும்.

ஒரு உதாரணம். ரெஸ்யூமேயில் நிறைய பேர் போடும் ப்ராஜெக்ட், நூலக மேலாண்மை. ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் வைத்துச் செய்தது என்று கொடுக்கிறீங்க. ஒரு புத்தகத்தின் கடைசிப் பிரதியை இரண்டு மாணவர்கள் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும் என்று கேள்வி வருகிறது. 'பிரதி இருக்கான்னு முதல்ல செக் பண்ணுவேன், இருந்தா குறைப்பேன்' என்கிறீங்க. செக் பண்ணுவதற்கும் குறைப்பதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்தால்? '`synchronized` போடுவேன்' என்று சமாளிக்கிறீங்க. அடுத்த கேள்வி: அதே அப்ளிகேஷன் இரண்டு சர்வர்களில் ஓடினால்? இங்கேதான் பலர் நிற்பார்கள். `synchronized` பூட்டு ஒரே ஜேவிஎம்முக்குள் மட்டும்தான் செல்லும், அடுத்த சர்வருக்கு அது தெரியாது. பூட்டை டேட்டாபேஸிலேயே போட வேண்டும்:

```
UPDATE books SET copies = copies - 1
WHERE id = 7 AND copies > 0;
```

செக் பண்ணுவதும் குறைப்பதும் இங்கே ஒரே கட்டளை. ஒரு வரிசை மாறியது என்று திரும்பி வந்தால் புத்தகம் கிடைத்தது, பூஜ்ஜியம் என்றால் இன்னொருவர் முந்திவிட்டார். இந்த விடையை மனப்பாடம் செய்வதைவிட, உங்க பதில் எத்தனையாவது கேள்வியில் உடைந்தது என்று பாருங்க. அன்று இரவு படிக்க வேண்டியது அதைத்தான்.

பிராம்ப்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. வேண்டுமென்றே ஒரு தப்பான பதில் கொடுங்க. உதாரணமாக, '`HashMap`, நாம போட்ட வரிசையை அப்படியே வச்சிருக்கும்' என்று அடித்துவிடுங்க. (வைத்திருக்காது. வரிசை வேண்டுமென்றால் `LinkedHashMap`.) அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த தலைப்புக்குத் தாவினால் விதிகள் பிடிபடவில்லை. உரையாடல் நீண்டால் பாராட்டும் பழக்கம் மெல்லத் திரும்பி வரலாம். அப்போது விதிகளைத் திரும்ப ஒட்டுங்க, அல்லது புது சாட் தொடங்குங்க.

கடைசியில் வரும் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பதிலுக்கு இன்னொரு முறை வேறு மதிப்பெண் வரலாம். எந்த வாக்கியத்தில் சறுக்கினீங்க என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. அதிலும் டெக்னிக்கல் திருத்தங்களை அப்படியே நம்பிவிடாமல், கோடு என்றால் ஓட்டிப் பாருங்க. சாட்பாட் தப்பையும் தயங்காமல் சொல்லும்.

டைப் செய்யும்போது அழித்து எழுத நேரம் இருக்கு. இன்டர்வியூவில் அது இருக்காது. அதனால் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வாய்ஸ் மோடுக்கு மாறுங்க. ரெஸ்யூமேயை முழுதாக ஒட்டாதீங்க. போன் நம்பர், முகவரி, பிறந்த தேதி எதுவும் இந்தக் கேள்விகளுக்குத் தேவையில்லை, ப்ராஜெக்ட் வரிகளே போதும்.