குடல் எரிச்சல் நோயும் குடல் அழற்சி நோயும்: ஒரு சரித்திர ஆய்வு

வயிற்று வலியோடும் ஒழுங்கற்ற மலப்போக்கோடும் வந்த நோயாளியைப் பலவாறு பரிசோதித்து, குடலில் புண்ணோ கட்டியோ காணாதபோது, எல்லாம் மனத்தின் விகாரமே என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர் பலரிடம் இருந்தது. ஐ.பி.எஸ். என இன்று நாம் வழங்கும் குடல் எரிச்சல் நோய் அந்த அலட்சியத்திலிருந்து மீண்டு, தனக்கென லட்சணங்கள் உடைய ஒரு நோயாக அங்கீகாரம் பெற்ற வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனத்தின் கலக்கம் குடலில் பிரத்தியட்சமாகத் தோன்றும் என்பதை நிரூபித்தவர்களுள் முக்கியமானவர் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆல்மி. 1949-இல் வெளிவந்த ஆய்வுகளில், ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆசனவாய் வழியே நோக்குக் குழாயைச் செலுத்தி, பெருங்குடலின் கடைப்பகுதியை அவர் கண்ணாலேயே கவனித்தார். பரிசோதனைக்கு உட்பட்ட மருத்துவ மாணவர் ஒருவரின் காதில் விழும்படி, குடலில் புற்றுநோய் தென்படுவதாகப் பொய்யாகப் பேசினர். அக்கணமே குடற்சுவர் சிவந்து இறுகிச் சுருங்கிற்று. உண்மையை விளக்கிச் சொன்னபின் சுருக்கம் தளர்ந்தது. இன்றைய மருத்துவ நெறிகள் அனுமதிக்காத சோதனை இது; நானும் அதை நியாயப்படுத்த மாட்டேன். எனினும் அது நிலைநாட்டிய விஷயம் பெரிது. அதோடு அது ஒரு கேள்வியையும் எழுப்பியது: ஆரோக்கியமானவர் குடலும் அச்சத்தில் சுருங்குமானால், நோயாளிக்கு மட்டும் அது தீராத உபாதையாவது ஏன்?

இதற்கான விடையின் ஒரு பகுதி 1973-இல் ரிச்சி என்பவரின் ஆய்வில் கிடைத்தது. பெருங்குடலுக்குள் சிறிய பலூனை வைத்து அதில் 60 மில்லிலிட்டர் காற்றை நிரப்பியபோது, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே வலி உண்டாயிற்று, ஐ.பி.எஸ். நோயாளிகளிலோ நூற்றுக்கு 55 பேருக்கு உண்டாயிற்று. சாதாரண விரிவையும் வேதனையாக உணரும் நரம்புக் கூர்மை இந்நோயின் அம்சங்களுள் ஒன்று என்பது இதனால் தெளிவாயிற்று. மூளையின் கவலை குடலை அசைப்பது போலவே குடலின் நோவும் மூளையைச் சென்றடைகிறது. மேலும், 1962-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சௌதரியும் ட்ரூலவும் ஐ.பி.எஸ். நோயாளிகள் 130 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சீதபேதிக்குப் பிறகே இத்தொல்லை தொடங்கியிருந்ததைக் கண்டனர். ஆகவே மனத்தை மட்டும் காரணமாக்குவது தவறு.

இனி நோயை இனங்காணும் வழிக்கு வருவோம். 1978-இல் பிரிஸ்டல் நகரில் மானிங் குழுவினர் நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டு, மலம் கழிந்ததும் வலி குறைதல், வலி தொடங்கும்போது மலம் இளகுதல், அப்போது அடிக்கடி கழிதல், வயிறு வெளித்தெரிய உப்புதல் ஆகியவை ஐ.பி.எஸ். நோயாளிகளிடமே மிகுதியாகக் காணப்படுவதாக அறிவித்தனர். பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி இறுதியில் எஞ்சுவது ஐ.பி.எஸ். என்றிருந்த நிலை மாறி, லட்சணங்களைக் கொண்டே அதை நேராக அறியும் மார்க்கம் இங்கே பிறந்தது. 2016-இல் வெளிவந்த நான்காம் ரோம் விதிகள், கடைசி மூன்று மாதங்களில் வாரத்திற்கு ஒருநாளேனும் வரும் வயிற்று வலி மலங்கழித்தல், மலத்தின் தடவை மாற்றம், தன்மை மாற்றம் ஆகியவற்றுள் இரண்டோடேனும் இயைந்திருப்பதை அளவுகோலாகக் கொள்கின்றன.

இவ்வாறு லட்சணங்களைக் கொண்டு அறியும்போது ஐ.பி.எஸ். நோயிலிருந்து பிரித்தறிய வேண்டிய குடல் அழற்சி நோயோ, குடற்சுவரே வெந்து புண்ணாகும் நோய். 1859-இல் வில்க்ஸ் விவரித்த புண்பட்ட பெருங்குடல் அழற்சியும், 1932-இல் க்ரோன் முதலியோர் விவரித்த நோயும் அதன் இரு பிரதான வகைகள். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தியை உதாரணமாகக் கொள்வோம். எட்டு மாதமாகக் காலை உணவுக்குப்பின் அடிவயிற்றில் வலி, மலம் இளகிக் கழிந்தால் தணிகிறது, இரவில் நிம்மதியாகத் தூங்குகிறாள், எடை குறையவில்லை. இரத்தசோகையும் இல்லையெனில், ஐ.பி.எஸ். என்றே மருத்துவர் கருதலாம். அதே பெண் பின்னிரவில் பேதிக்காகத் தூக்கம் கலைந்து எழுகிறாள், மலத்தோடு இரத்தம் கலந்து வருகிறது, எடை நான்கு கிலோ குறைந்துவிட்டது, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கிறது என்றால், மனக்கவலையைப் பற்றிய பேச்சை நிறுத்திவைத்துக் கொலனோஸ்கோபிக்கு அனுப்ப வேண்டும். ஐ.பி.எஸ். குடலின் அமளி தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அழற்சியோ உறக்கத்தை மதிப்பதில்லை.

ஆயினும் இரத்தம் ஒன்றையே சாட்சியாகக் கொள்ளலாகாது. மூலத்திலும் இரத்தம் வரும். க்ரோன் நோயில் அது வராமலும் இருக்கலாம். இந்த ஐயத்தை நீக்கப் பெரிதும் உதவுவது மலத்தில் உள்ள கால்புரொடெக்டின் அளவு. அழற்சியுற்ற குடலில் குவியும் வெள்ளணுக்கள் சிந்தும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழிருந்தால் குடல் அழற்சி நோய் இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. வலி நிவாரண மாத்திரைகளாலும் கிருமித்தொற்றாலும் அது உயரக்கூடுமாதலால், மிகுந்திருந்தாலே அழற்சி நோய் என்று முடிவு கட்டிவிடலாகாது. மேலும், அழற்சி நோய் மருந்தால் அடங்கி, இந்த அளவு சீராகிய பின்னும் வலியும் பேதியும் தொடரும் நோயாளிகள் உண்டு. புண் ஆறிய அக்குடலிலும் நரம்புக் கூர்மை எஞ்சியிருக்கக் கூடுமாதலால், அத்தகையோருக்கு அழற்சி மருந்தை மேலும் மேலும் கூட்டுவதால் பயனில்லை.