வைத்தியசாலைப் பயணத் துணை (வட்டவளை)

வைத்தியசாலைப் பயணத் துணை என்பது, நோயாளியை வீட்டிலிருந்து கிளினிக்குக்கும் வார்ட்டுக்கும் கொண்டு சேர்த்து, அங்கே பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வழி செய்து, திரும்பக் கூட்டி வரும் வேலைகளின் தொகுதி. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், கினிகத்தேனைக்கும் ஹற்றனுக்கும் இடையில் உள்ள வட்டவளைத் தோட்டங்களில் இதற்கென்று தனி நிறுவனம் இல்லை. தமிழ்நாட்டு வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜும் உணவகமும் மொழி தெரிந்தவர்களும் சேர்ந்து ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. வட்டவளைக் குடும்பங்கள் போவதோ இலவச அரச வைத்தியசாலைகளுக்கு. அவையும் நான்கைந்து ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. முடிந்தவரை அன்றே வீடு திரும்பப் பார்க்கிறார்கள். காசு கொடுத்து இந்தத் துணையை வாங்க யாரிடமும் காசு இல்லை. அதனால் உறவினரும் தோட்டத் தலைவரும் பாதை தெரிந்த அயல் வீட்டுக்காரருமே இதைச் செய்கிறார்கள்.

பயணம் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் வட்டவளைப் பிரதேச வைத்தியசாலையிலும் தொடங்குகிறது. குளவி கொட்டியவர்களை முதலில் கொண்டு வருவது பெரும்பாலும் இங்கேதான். இங்கே முடியாதவை இரு திசைகளில் போகின்றன. ஒன்று ஹற்றன் பக்கம், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. அதன் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடம் இந்திய உதவியில் எழுந்தது. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். மற்றொன்று கீழ்ப் பக்கம், நாவலப்பிட்டி. அதற்கு மேல் கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை, பேராதனையிலேயே சிறுவர்களுக்கான சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை. புற்றுநோய் என்றால் மஹரகமை அபேக்ஷா வைத்தியசாலையும் உண்டு. ஹற்றன்–கண்டி பஸ் வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை வழியே போவதால் கண்டிப் பக்கத்துப் பயணத்துக்கு ஒரே பஸ் போதும்.

கண்டிக்கு அனுப்பப்படும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் கிளினிக் நாளை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு வலிக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. நாவலப்பிட்டியில் பார்த்த வைத்தியர் கடிதம் எழுதி இருதய கிளினிக்குக்கு அனுப்புகிறார். கிளினிக்கில் நம்பர் விடியற்காலையிலேயே கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வட்டவளையிலிருந்து கண்டிக்கு இரண்டரை மணி நேரமாவது ஆகும். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் நேரம் தனி. இருட்டில் புறப்பட்டாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு போனவர் மறுநாள் நண்பகல் வரை அப்படியே இருப்பார். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு இது ஆபத்து. காலை மருந்தைப் போடுவதா, நிறுத்துவதா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடப் போகிறவர் கையில் ரொட்டியும் சம்பலும் இருப்பது இதனால்தான். இரத்தம் எடுத்த உடனே கொடுக்க.

இத்தனை பாடும் வீணாகப் போகும் இடம் ஒன்று உண்டு: தேதி. கிளினிக் கொப்பியில் போட்ட நாள் போயா தினமாகவோ வேறு அரச விடுமுறையாகவோ இருந்தால் கிளினிக் நடக்காது. வைத்தியர்களின் பணிப்புறக்கணிப்பு நாளிலும் அவசர சிகிச்சை தவிர மற்றவை நின்றுபோகும். போனவருக்கு ஒரு நாள் பேர் போய்விடும். கூடப் போனவருக்கும் போய்விடும். தோட்டத்தில் பேர் விழுவது என்றால் ஒரு நாள் சம்பளம். 2024-இல் அது அடிப்படையாக 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆகவே கொப்பியில் தேதி விழுந்த அன்றே கலண்டரைப் பார்த்து, விடுமுறை என்றால் அங்கேயே மாற்றிக் கேட்பதுதான் கூடப் போகிறவரின் முதல் வேலை. இரண்டாவது வேலை, பரிசோதனை முடிவு எந்த நாள், எந்த இடத்தில் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வது. அது தெரியாமல் அடுத்த கிளினிக்குக்குப் போனால், முடிவு இல்லாமல் வைத்தியர் தீர்மானிக்க முடியாது; மறுபடி ஒரு தேதி. ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் ஊர் இது. கொப்பியும் துண்டும் நனைந்து மை கரைந்துவிட்டால் பழைய மருந்தின் பெயரே தெரியாமல் போகும். பொலித்தீன் பையில் சுற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

மொழி அடுத்த தடை. 1987-இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. வட்டவளை இருக்கும் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவு 1999-இல் இருமொழிப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் நோயாளி நாவலப்பிட்டிக்குப் போன உடனே கண்டி மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறார். அங்கும் தமிழில் பேசச் சட்டப்படி உரிமை உண்டு. வார்ட்டில் அந்த நேரத்துக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பதுதான் நடப்பு. பெரும்பாலும் மொழிபெயர்ப்பவர் ஒரு சிற்றூழியர், பக்கத்துக் கட்டில் நோயாளி, அல்லது பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த மகன். மகன் முன்னால் தாய் தன் இரத்தப்போக்கைச் சொல்லமாட்டாள். சொன்னாலும் அவன் கூச்சத்தில் 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்வான். வைத்தியர் அதற்குத்தான் மருந்து எழுதுவார். பெண்களின் நோய்க்குப் பெண்ணே துணைக்குப் போக வேண்டும் என்பது இங்கே மரபு அல்ல, மருத்துவத் தேவை.

இதற்குக் கைகொடுப்பது ஒரு தாள். எப்போதிலிருந்து நோய், என்னென்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன சத்திரசிகிச்சை என்பதை டிஸ்பென்சரியிலோ சிங்களம் தெரிந்த ஆசிரியரிடமோ முதல் நாளே சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், அவசர மொழிபெயர்ப்பில் தவறுவது குறையும். மருந்து வாங்கும் ஜன்னலிலும் ஒரு பழக்கம் தேவை: காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்று நோயாளியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். தலையை ஆட்டினால் விளங்கியதாக அர்த்தமில்லை.

தங்குவது இன்னும் கடினம். வார்ட்டில் உள்ள நோயாளிக்கு மூன்று வேளையும் ஆஸ்பத்திரி சாப்பாடு உண்டு. துணைக்கு நிற்பவருக்கு இல்லை. சிறு பிள்ளையோடு தாய் நிற்கலாம்; அவள் இரவைக் கழிப்பது பெரும்பாலும் கட்டில் ஓரத்திலோ நாற்காலியிலோதான். தகப்பன் வெளியே நிற்பான். கண்டியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கடைசி பஸ். இரவில் அவசரமாக மாற்றப்படும்போது அம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம் இருக்கும். மற்றவர்கள் மறுநாள் வந்து வார்ட் வார்ட்டாகத் தேடுவார்கள். கூடப் போனவர் செய்ய வேண்டியது, வார்ட் நம்பரை உடனே போனில் வீட்டுக்குச் சொல்வது. பார்வையாளர் நேரம் நண்பகலும் மாலையும் சிறிது நேரம் மட்டுமே என்பதால் இந்த ஒரு எண் ஒரு நாளையே காப்பாற்றும்.

மஹரகமை விதிவிலக்கு. கதிர்வீச்சுச் சிகிச்சை வார நாட்களில் தினமும், சில வாரங்கள் தொடர்வது. வட்டவளையிலிருந்து போய் வர முடியாது. அபேக்ஷா வைத்தியசாலைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்காகத் தொண்டு நிறுவனங்கள் அங்கே இலவசத் தங்குமிடம் நடத்துகின்றன. சிசிசி இல்லம் அவற்றில் ஒன்று. இடம் குறைவு, கேட்பவர் அதிகம். சிகிச்சைத் தேதி கிடைத்த அன்றே, வார்ட்டில் இருக்கும்போதே விசாரித்துப் பதிய வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

காசு தேவைப்படும் சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. முன்பு அந்த விண்ணப்பத்துக்காகக் கொழும்புக்குப் போய் அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வைத்தியரின் அறிக்கையும் செலவு மதிப்பீடும் அதற்கு வேண்டும். அவற்றைக் கிளினிக்கில் வைத்தியர் எதிரே இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட்டால், இதற்காக மட்டும் இன்னொரு முறை கண்டிக்குப் போக வேண்டியதில்லை.