இடமாற்றம் பெற்ற சிப்பாயும் வந்து சேராத மோட்டார் சைக்கிளும்

இந்திய நகரங்களில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க இணையத்தை நாடுவோர் பலர் ஒரு சிப்பாயைச் சந்தித்திருக்கிறார்கள். அவருடைய முகத்தை எவரும் நேரிற் கண்டதில்லை. அவர் எப்போதும் இடமாற்றம் பெற்றவராகவே இருப்பார். அவருடைய வண்டி எப்போதும் புதிதுபோல மின்னும். விலையோ சந்தை விலையிற் பாதியாக இருக்கும். வண்டியை அனுப்பி வைக்க ஒரு சிறு முற்பணம் மட்டும் கேட்பார். 2010களின் பிற்பகுதியிலிருந்து இந்திய மாநிலங்கள் பலவற்றின் பொலிஸார் இந்தச் சிப்பாயைப் பற்றி எச்சரித்து வருகின்றனர். எனினும் அவர் புதியவர் அல்லர். அவருடைய வம்சாவளி இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

பிரெஞ்சுப் பொலிஸ் துறையிற் புகழ்பெற்ற விடோக், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'ஜெருசலேம் கடிதங்கள்' எனப்பட்ட ஒரு மோசடியை விவரித்திருக்கிறார். சிறையிலிருந்த கைதிகள் வசதி படைத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது தப்பியோடிய ஒரு பிரபுவின் பணியாள் தாம் என்றும், எசமானின் நகைப் பேழையை வழியில் மறைத்து வைத்துவிட்டுப் பிடிபட்டதாகவும், அதை மீட்கச் சிறிது பணம் வேண்டும் என்றும் அக்கடிதம் கூறும். நூறு கடிதங்களுக்கு இருபது பதில்கள் வந்தன என்று விடோக் எழுதினார். அதே நூற்றாண்டின் இறுதியில் இக்கதை 'ஸ்பானியக் கைதி' என்ற பெயருடன் அமெரிக்காவரை சென்றது.

இக்கதைகளின் எலும்புக்கூடு ஒன்றே. பெரிய இலாபம் தொலைவில் இருக்கிறது. அதற்கு உரியவர் நேரில் வர முடியாத நிலையில் இருக்கிறார். இடையில் நிற்பது ஒரு சிறு செலவு மாத்திரமே. சிறைக்கதவு செய்த வேலையை இன்று இராணுவ இடமாற்ற உத்தரவு செய்கிறது.

அந்த மாற்றம் முதலில் இந்தியாவில் நிகழ்ந்ததன்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா போரிட்ட ஆண்டுகளில், வெளிநாட்டுப் பணிக்குப் புறப்படும் படையினர் எனக் கூறிக்கொண்டோர் மலிவு விலை வாகனங்களை இணையத்தில் விளம்பரப்படுத்தினர். வாகனத்தைக் கப்பற் கம்பனியிடம் ஒப்படைத்தாயிற்று என்பதே அவர்களின் வாதம். 2008 முதல் 2010 வரை இத்தகைய இணைய வாகன மோசடிகள் பற்றி ஏறத்தாழ 14,000 முறைப்பாடுகள் கிடைத்ததாகவும், இழப்பு 4 கோடி 45 இலட்சம் டொலர் அளவினது என்றும் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் 2011இல் அறிவித்தது.

நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த நாட்களில், சிறு விளம்பரம் கொடுக்க வருபவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து பணம் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறுவார். வாங்குபவர் முகவரியைத் தேடிச் சென்று, இயந்திரத்தை முடுக்கிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார். பொய்யனுக்கு அங்கே இடம் குறைவு. இணையச் சந்தை விளம்பரத்தை இலவசமாக்கியது. 2016இல் இந்தியாவில் அறிமுகமான யூ.பி.ஐ. முறை பணத்தை நொடியில் அனுப்ப வழி செய்தது. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கைமாறுவது எளிதாயிற்று.

இனி, முறைப்பாடுகளிற் காணப்படும் வழமையான போக்கை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 45,000 ரூபா பெறுமதியான ஒரு ஸ்கூட்டர் 22,000 ரூபாவுக்கு விளம்பரமாகிறது. விசாரித்தவருக்கு வாட்ஸ்அப் மூலம் இராணுவ அடையாள அட்டையும், சீருடைப் படமும், வண்டியின் பதிவுப் புத்தகமும் வருகின்றன. காஷ்மீருக்கு இடமாற்றம், வண்டியைக் கொண்டுபோக இயலாது, முகாமுக்குள் வெளியாருக்கு அனுமதியில்லை, ஆகவே இராணுவப் போக்குவரத்து மூலம் அனுப்புகிறேன் என்கிறார். பதிவுக் கட்டணம் 2,150 ரூபா மட்டும். மீதியை வண்டி கிடைத்த பின் கொடுத்தாற் போதும். பணம் போனதும் முத்திரையிட்ட ஒரு சீட்டும், சாக்கில் பொதிந்த ஒரு வண்டியின் படமும் வருகின்றன.

மறுநாள் 'சாரதி' பேசுகிறார். நகர எல்லைக்கு வந்துவிட்டேன், ஒப்படைப்புக்கு முன் 5,100 ரூபா கட்ட வேண்டும் என்கிறார். பின்னர் வரி என்று 6,500 ரூபா. தாமதக் கட்டணம் என்று 8,500 ரூபா. அதுவும் திருப்பித் தரப்படும் என்ற உறுதியுடன். கூட்டிப் பார்த்தால் 22,250 ரூபா. வண்டியின் முழு விலையையும் மிஞ்சிய தொகை போய்விட்டது, வண்டி வரவில்லை. முதல் 2,150 ரூபாவை இழக்க மனமில்லாமையே அடுத்த மூன்று தொகைகளையும் செலுத்த வைத்தது.

இராணுவ இடமாற்றம் என்ற பொய் ஏன் இவ்வளவு வலியது? வாங்குபவர் மனத்தில் எழக்கூடிய மூன்று சந்தேகங்களுக்கு அது ஒரே விடையாகிறது. விலை ஏன் குறைவு? அவசரம். ஏன் நேரிற் காட்டவில்லை? முகாம். ஏன் முற்பணம்? இராணுவ விதி. இவற்றுக்கு மேலாக, சீருடைமீது மக்கள் வைத்துள்ள மதிப்பு நான்காவது கேள்வியைக் கேட்கவிடாமல் நாவைக் கட்டுகிறது. அனுப்பப்படும் அட்டைகளுட் சில உண்மையானவை என்பது மேலும் கொடுமை. தம் பொருளை விற்க முயன்ற மெய்யான படைவீரரிடம் வாங்குபவர்போல நடித்து அட்டையின் படத்தைப் பெற்றுவிடுகிறார்கள். அந்தப் படைவீரரின் பெயரில்தான் அடுத்தவர் ஏமாற்றப்படுகிறார்.

இவ்வழக்குகளின் விசாரணைகள் பல, ராஜஸ்தானின் பரத்பூர், அல்வார், ஹரியானாவின் நூ ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த மேவாத் பகுதிக்கு இட்டுச் சென்றன. 'தட்லு' எனப்படும் ஒரு பழைய மோசடியால் அப்பகுதி முன்பே அறியப்பட்டது: வீட்டுக்கு அத்திவாரம் தோண்டுகையிற் பொற்கட்டி கிடைத்தது என்று கூறி, தொலைவிலுள்ளவரை வரவழைத்துப் பித்தளையைத் தலையிற் கட்டுவது. கைத்தொலைபேசி வந்தபின் ஆளை வரவழைக்கும் தேவையும் இல்லாமற் போயிற்று. 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 5,000 பொலிஸார் நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவிற் தேடுதல் நடத்தினர். ஒரு சிலரின் குற்றத்துக்காக முழுப் பிரதேசத்தையும் பழிப்பது நியாயமன்று. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் உழவர்கள்.

பொய்யைக் கண்டுகொள்வது கடினமன்று. இந்தியாவில் வண்டியின் உரிமை மாற்றத்துக்கு 29, 30ஆம் இலக்கப் படிவங்களில் விற்பவர் கையொப்பமிட வேண்டும். வேறு மாநிலமாயின் 28ஆம் இலக்கப் படிவம் மூலம் ஆட்சேபமின்மைச் சான்றும் வேண்டும். காணாத ஒருவரிடம் முற்பணம் கட்டுவதால் இவை எதுவும் கிடைப்பதில்லை. இடமாற்றம் பெறும் மெய்யான படைவீரர் தம் வண்டியை ரயிலில் பொதியாக அனுப்பலாம். அனுப்புபவரே பொதி அலுவலகத்திற் கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுவார். பொதுமக்களுக்குப் பழைய வண்டிகளை வீட்டு வாசலிற் கொண்டுவந்து கொடுத்துப் பணம் வசூலிக்கும் இராணுவச் சேவை எதுவும் இல்லை. அந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால் கதை முதலாம் நாளிலேயே முடிந்துவிடும்.

பணம் போனபின் நாணி மௌனமாக இருப்பதே பலரின் வழக்கம். இந்தியாவில் 1930 என்ற இலக்கத்துக்கு உடனே அழைத்தால், பணம் வேறு கணக்குகளுக்குத் தாவுமுன் அதை முடக்க வாய்ப்புண்டு. சில மணி நேரம் கடந்தாலும் அந்த வாய்ப்புச் சுருங்கிவிடும். விடோக்கின் காலத்தில் கடிதம் போய் வரும் நாட்களுக்கிடையே சிந்திக்க அவகாசம் இருந்தது. இன்றைய சிப்பாய் அந்த அவகாசத்தையும் தருவதில்லை. அதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.