இருபது போளைகளும் 650 ஆண்டுத் தவறும்

போன வாரம் தரம் 11 வகுப்பில் கோளத்தின் கனவளவு படிப்பித்தேன். உருளைப் பாத்திரத்தில் திண்மக் கோளம் போட்டால் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்ற கணக்கு. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, “சேர், அந்த மூன்றில் நான்கை யார் அளந்து பார்த்தது?” என்று கேட்டாள். பாடமாக்கு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. பெற்றோரும் அறிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இதற்கு முதலில் நிறுவல் தந்தார். ஒரு கோளத்தை, அது சரியாக அடங்கும் உருளைக்குள் வைத்தால், கோளத்தின் கனவளவு உருளையின் கனவளவில் மூன்றில் இரண்டு. இந்தக் கண்டுபிடிப்பைத் தன் கல்லறையில் பொறிக்க அவர் விரும்பினாராம். கி.மு. 75இல் ரோம அதிகாரி சிசரோ, பற்றை மூடிக் கிடந்த அந்தக் கல்லறையைக் கோளமும் உருளையும் செதுக்கிய தூணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரிப் போனது. 499இல் ஆரியபட்டர் தன் நூலை எழுதினார். பையின் பெறுமானத்தை 3.1416 என்று அவ்வளவு நுட்பமாகத் தந்தவர் அவர். ஆனால் கோளத்தில் சறுக்கினார். நடுவட்டத்தின் பரப்பளவை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கனவளவு வரும் என்றார். சதுரத்தின் பரப்பளவை அதன் வர்க்கமூலத்தால், அதாவது ஒரு பக்கத்தால், பெருக்கினால் சதுரமுகி கிடைக்கிறது. வட்டத்துக்கும் அதே வழி சரிவரும் என்று அவர் எண்ணியிருக்கலாம். சரிவராது. உண்மையை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். இடையில் ஸ்ரீதரர் உண்மைக்கு மிக அருகில் வந்தார். 1150இல் பாஸ்கரர் ‘லீலாவதி’யில் சரியான விதியை எழுதினார்: கோளத்தின் மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். ஆரியபட்டருக்கும் அதற்கும் இடையில் சுமார் 650 ஆண்டுகள்.

இவர்களில் யார் சரி என்று சொல்ல ஒரு போத்தல் தண்ணீர் போதும். வகுப்பில் அதைத்தான் செய்தோம். போளை என்றும் கோலி என்றும் சொல்கிறோமே, அந்தக் கண்ணாடி உருண்டைகள் இருபது. ஒன்றின் விட்டம் 16 மில்லிமீற்றர். உள்விட்டம் 6 சென்ரிமீற்றர் உள்ள நேரான போத்தலில் 6 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

நம் சூத்திரப்படி ஒரு போளையின் கனவளவு 2.14 கன சென்ரிமீற்றர். இருபதுக்கும் ஏறத்தாழ 42.9. போத்தலின் அடிப்பரப்பு 28.3 சதுர சென்ரிமீற்றர். கனவளவை அடிப்பரப்பால் வகுத்தால் நீர்மட்டம் 15 மில்லிமீற்றர் உயர வேண்டும். ஆரியபட்டரின் விதிப்படி இருபது போளைக்கு 57 கன சென்ரிமீற்றர், நீர் 20 மில்லிமீற்றர் உயர வேண்டும். இடைவெளி அரைச் சென்ரிமீற்றர், சாதாரண அடிமட்டத்தாலேயே பிடிபடும். போட்டுப் பார்த்தோம். தண்ணீர் 15க்குப் பக்கத்தில் நின்றது.

வீட்டில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தேநீர் குடிக்கும் கிளாஸ் உதவாது, அது மேலே போகப் போக அகலும். சந்தேகமென்றால் முதலில் பத்துப் போளை, பிறகு இன்னொரு பத்துப் போடுங்கள். இரண்டாவது உயர்வு குறைந்தால் பாத்திரம் அகலுகிறது என்று அர்த்தம். எல்லாப் போளையும் நீருக்குள் முழுமையாக மூழ்க வேண்டும். மிதக்கும் பந்தைப் போட்டால் கணக்குப் பிழைக்கும், மூழ்கிய பகுதி மட்டுமே நீரை உயர்த்தும். போத்தலின் வெளிவிட்டத்தை அளந்து ஏமாறவும் வேண்டாம்.

நீரைக் கொண்டு கனவளவு அளப்பதைக் கலையாகவே ஆக்கியவர் அல்பிரூனி. இந்திய நூல்களைக் கற்று, இந்தியாவைப் பற்றியே பெரிய நூல் எழுதிய அதே 11ஆம் நூற்றாண்டு அறிஞர். கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றைச் செய்து, அதன் கழுத்தை ஒடுக்கமாக்கி, பக்கத்தில் ஒரு குழாய் வைத்தார். மாணிக்கக் கல்லை உள்ளே போட்டால் வழியும் நீரைத் தராசில் நிறுத்தார். கழுத்து ஏன் ஒடுக்கம்? அகலத்தைப் பாதியாக்கினால் அதே கல்லுக்கு நீர் நான்கு மடங்கு உயரும், சிறு கல்லும் தன்னைக் காட்டிவிடும். அல்காசினி 1121இல் ‘மீசானுல் ஹிக்மா’ நூலில் இந்த முறையைப் பதிந்து வைத்தார்.

ஆரியபட்டர் சிறியவராகிவிடவில்லை. அவர் நூலில் விதி மட்டும் இருக்கிறது, அளந்து பார்த்த செய்தி இல்லை. விதியை நம்புவதற்கு முன் ஒரு போத்தலை எடுக்கலாமே என்றுதான் அந்தப் பிள்ளை கேட்டாள். அடுத்த வாரம் அவள்தான் போத்தலும் போளையும் கொண்டு வருவாள். தரம் 10 பிள்ளைகளுக்கும் செய்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.