வட்டம் மட்டும் ஏன் மாறவே மாறாது? வளைவின் சின்ன வரலாறு

இன்ஜினியரிங் படித்த பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு, எனக்கும் ரொம்ப நாள் இருந்தது: இரண்டாம் வகைக்கெழுதான் வளைவு, y'' பெரிதாக இருந்தால் கோடு அதிகம் வளைகிறது என்று. இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சரிசெய்த கதை நியூட்டனிடம் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. y = x² என்ற பரவளையத்துக்கு y'' எங்கேயும் 2. அப்படியென்றால் எல்லா இடத்திலும் ஒரே வளைவா? படத்தைப் பார்த்தாலே இல்லை என்று தெரியும். அடியில் நன்றாக மடங்கி, மேலே போகப் போக நேராகிக்கொண்டே போகிறது. வட்டத்தில் இதற்கு நேர் எதிர். எங்கேயும் ஒரே மாதிரி வளைகிறது, ஆனால் அதன் y'' இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆக, y'' மட்டும் வைத்துக்கொண்டு வளைவைச் சொல்ல முடியாது.

நியூட்டன் 1671-இல் எழுதிய பிளக்சன் முறை நூலில் இது ஒரு தனிக் கணக்காகவே வருகிறது. (அவர் 1727-இல் காலமானார், நூல் அச்சானது 1736-இல்தான்.) அவர் வட்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். வட்டத்தின் வளைவு எங்கும் ஒன்றே. விட்டம் இரண்டு மடங்கானால் வளைவு பாதியாகும். அப்புறம் எந்த வளைகோட்டிலும் ஒரு புள்ளியில் மிக நெருங்கிப் பொருந்தும் வட்டத்தைக் கண்டுபிடி, அதன் வளைவுதான் கோட்டின் வளைவு. அந்த வட்டத்தின் மையத்தைப் பிடிக்க ஒரு வழி: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டில் கோட்டுக்குச் செங்குத்தாகக் கோடு போடு. புள்ளிகள் நெருங்க நெருங்க, அந்தச் செங்கோடுகள் வெட்டும் இடம் மையத்தை நெருங்கும்.

இதை இன்றைய மொழியில் சொன்னால், வளைவு என்பது கோட்டின் மேல் ஓர் அலகு தூரம் நடக்கும்போது நம் திசை எவ்வளவு திரும்புகிறது என்பது. y'' சொல்வது வேறு: x-இல் ஓர் அலகு நகர்ந்தால் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பது. இங்கே இரண்டு திருத்தம் தேவை. சாய்வு வேறு, கோணம் வேறு. சாய்விலிருந்து கோணத்துக்குப் போக 1 + y'² ஆல் வகுக்க வேண்டும். x-இல் நகர்ந்த தூரம் வேறு, கோட்டின் மேல் நடந்த தூரம் வேறு. அதற்கு √(1 + y'²) ஆல் இன்னொரு முறை வகுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்:

κ = |y''| / (1 + y'²)^(3/2)

மனப்பாடம் செய்த அந்த 3/2 அடுக்கு இப்படித்தான் வந்தது.

ஆரம் 5 உள்ள வட்டத்தின் மேல்பாதியில் போட்டுப் பார்ப்போம். அங்கே y' = −x/y, y'' = −25/y³. உச்சியில், அதாவது (0, 5)-இல், y' பூஜ்யம், y'' −0.2, வளைவு 0.2. (3, 4)-இல் y'' −0.39 ஆகிவிடுகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கீழே உள்ள எண்ணும் 1.95 ஆகிறது, வகுத்தால் மறுபடி 0.2. (4, 3)-இல் 0.926-ஐ 4.63 ஆல் வகுத்தால் அதே 0.2, அதாவது 1/5. மேலே எவ்வளவு ஏறுகிறதோ கீழேயும் அதே விகிதத்தில் ஏறுகிறது, காரணம் 1 + y'² என்பது சரியாக 25/y². நியூட்டனின் வழியில் பார்த்தால் கணக்கே வேண்டாம்: வட்டத்தின் எல்லாச் செங்கோடுகளும் ஒரே மையத்தில்தான் சந்திக்கின்றன. மையம் நகராதபோது ஆரம் எப்படி மாறும்?

பரவளையத்தில் மையம் நகரும். x = 0-இல் வளைவு 2, ஆரம் அரை. x = 1-இல் வளைவு 0.179, ஆரம் 5.59.

ஒரு எச்சரிக்கை: (5, 0)-இல் இந்தச் சூத்திரம் நின்றுபோகும். தொடுகோடு செங்குத்து, y' முடிவிலி. கோளாறு வட்டத்தில் இல்லை, y-ஐ x-இன் சார்பாக எழுதியதில்தான். x, y இரண்டையும் நேரத்தோடு ஓடும் அளவுகளாக எடுத்தால் சிக்கல் போய்விடும். நியூட்டன் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் எடுத்தார்.

இந்த விஷயத்தில் பெரியவர்களுக்கும் சறுக்கியிருக்கிறது. இந்த நெருங்கிய வட்டத்துக்கு 'முத்தமிடும்' வட்டம் என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்தவர் லைப்னிஸ். 1686 கட்டுரையில், அது கோட்டை நான்கு ஒன்றிய புள்ளிகளில் சந்திக்கும் என்று எழுதினார். பொதுவாக மூன்றுதான் என்று 1692-இல் யாக்கோபு பெர்னூலி திருத்தினார். பிறகு லைப்னிஸும் ஒப்புக்கொண்டார். பரவளையத்தின் அடிப்புள்ளி மாதிரி தனி இடங்களில்தான் நான்கு வரும்.

மூன்று என்பதில்தான் விடையே இருக்கிறது. ஒரு வட்டத்தை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் போதும். அந்த மூன்றும் ஒன்றாக நெருங்கினால் மிஞ்சுவது இடம், சாய்வு, சாய்வின் மாற்றம். அதனால்தான் வளைவுச் சூத்திரத்தில் y', y'' மட்டும் இருக்கின்றன, y''' வரவே இல்லை.