இறக்குமதிப் பதிலீடு

வெளிநாட்டில் வாங்கிவந்த பொருளை, சுங்கவரியும் உரிமக் கட்டுப்பாடும் போட்டு உள்நாட்டிலேயே செய்யவைக்கும் தொழில் கொள்கை. ‘இறக்குமதி’யில் இருப்பது கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் வினை. ‘பதில்’, மாற்று என்னும் பொருளுள்ள அரபுச் சொல் ‘பதல்’ வழி வந்தது, ‘ஈடு’ தமிழ்.

காயல்பட்டினத்தை ஒட்டிய சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் எழுந்த காஸ்டிக் சோடா ஆலை நல்ல எடுத்துக்காட்டு. உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சிச் சோடா பிரிக்கும் தொழில் அது, உப்பளமோ பக்கத்திலேயே. மூலப்பொருளுக்கு அந்நியச் செலாவணி தேவைப்படவில்லை. எந்திரத்தையும் உதிரிபாகத்தையும் இறக்குமதி செய்த ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை பெருகப் பெருகச் செலாவணித் தட்டுப்பாடும் தொடர்ந்தது.

தென்கொரியாவும் தன் ஆலைகளைக் காத்தது. ஆனால் 1960களில், ஏற்றுமதி செய்து காட்டியவர்களுக்கே மலிவுக் கடன் கொடுத்தது. இந்தியாவில் 1991 வரை பெரும்பாலான ஆலைகளுக்கு அப்படியொரு நிபந்தனை இல்லை. தரம் குறைந்தாலும் சரக்கு விற்றது. அதைத் திருத்தும் நெருக்கடி முதலாளிக்கு வரவில்லை.