இருபத்தாறு பிறந்த கதை

தனியார் நிறுவனத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர் வேலையை விட்டுக் கிளம்பும்போது பணிக்கொடை கணக்கிடுகிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதத்துக்கு 30 நாள் இருக்கும்போது 26 எங்கிருந்து வந்தது? அந்த எண்ணுக்காகத் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் பணிக்கொடை முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தொகையாகத்தான் இருந்தது. சங்கங்கள் வலுப்பெற்ற பிறகு தொழில் தீர்ப்பாயங்களுக்கு வழக்குகள் போயின. நீண்ட காலம் உழைத்தவர் ஈட்டிய ஓய்வுக்காலப் பலன் அது என்பதை நீதிமன்றங்கள் படிப்படியாக ஏற்றன. ஆனால் ஆலைக்கு ஆலை கணக்கு வேறுபட்டது. 1970இல் கேரளமும் 1971இல் மேற்கு வங்கமும் தங்களுக்கெனத் தனிச் சட்டங்கள் கொண்டுவந்தன. மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்று போனால் பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் குழப்பம் வரும் என்பதால், மத்திய அரசு 1972இல் நாடு முழுவதற்குமான பணிக்கொடைச் சட்டத்தை இயற்றியது. அது அந்த ஆண்டு செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் ‘15 நாள் ஊதியம்’ தர வேண்டும் என்றது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் ஊதியத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. நிறுவனங்கள், 15 நாள் என்றால் அரை மாதம், பாதிச் சம்பளம் கொடுத்தால் போதும் என்றன. தொழிலாளர் தரப்பு இதை ஏற்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை போக மாதத்தில் உழைக்கும் நாட்கள் 26தான். மாதச் சம்பளம் அந்த 26 நாள் உழைப்புக்கான கூலி. ஆகவே ஒரு நாள் ஊதியம் காண 26ஆல்தான் வகுக்க வேண்டும் என்றார்கள்.

ஜாம்நகரிலுள்ள திக்விஜய் கம்பளி ஆலைக்கும் அதன் ஊழியர் மகேந்திர பிரதாப்ராய் புச்சுக்கும் இடையிலான வழக்கு இந்தக் கேள்வியைத்தான் சுமந்து சென்றது. 26ஆல் வகுப்பதே முறை என்று குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆலை மேல்முறையீடு செய்தது. 1980இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் வாதத்தை ஏற்கவில்லை. மாதம் என்றால் பொதுவாக 30 நாள்தான் என்றாலும், 26 நாள் வேலை செய்பவரின் சம்பளத்தை 26 நாளுக்கானதாகக் கொள்வதில் தவறோ புதுமையோ இல்லை என்றது. அதன் பிறகும் தகராறு ஓயவில்லை. 1984இல் ஜீவன்லால் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே நிலையை உறுதிசெய்தது. கடைசியில் 1987இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும் என்று விளக்கமாகவே எழுதிச் சேர்த்தது. வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் இயங்கும் அலுவலகங்களுக்கும் இன்று அதே 26தான்.

நான்கு நாள் வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு நூற்பாலை மேற்பார்வையாளர் 22 ஆண்டும் 7 மாதமும் வேலை செய்து ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் மொத்தச் சம்பளம் 38,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 23,400. மீதி வீட்டு வாடகைப்படி முதலானவை. கணக்குக்கு எடுத்துக்கொள்வது 23,400தான். 26ஆல் வகுத்தால் நாளுக்கு 900 ரூபாய், 15 நாளுக்கு 13,500. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகும் என்பதால் அவருக்கு 23 ஆண்டுகள். ஆக 3,10,500 ரூபாய். 30ஆல் வகுத்திருந்தால் 2,69,100தான் கிடைத்திருக்கும். இழப்பு 41,400 ரூபாய், ஏறத்தாழ இரண்டு மாத அடிப்படைச் சம்பளம். அந்த ஏழு மாதத்தை விட்டுவிட்டு 22 ஆண்டு என்று போட்டாலும் 13,500 போய்விடும். கணக்குத் தாள் கைக்கு வந்ததும் வகுத்த எண், ஆண்டுகளின் எண்ணிக்கை இரண்டையும் முதலில் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக வைத்துப் படிகளை ஊதிக் காட்டினால் பணிக்கொடை தானாகக் குறையும். இதற்குக் கடிவாளம் போட்டது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த இது, 1972 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 15, 26 என்ற கணக்கு அப்படியே தொடர்கிறது. ஆனால் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். அதே 38,000 வாங்குபவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 மட்டுமே என்றால் படிகள் 26,000. பாதியான 19,000ஐ விட அது 7,000 அதிகம். அந்த ஏழாயிரம் சேர்ந்து ஊதியம் 19,000 ஆகும்.

எப்போது கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடை, ஆலை, அலுவலகத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். ஓய்வு பெற்றாலும், தானாக ராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. இறந்துவிட்டாலோ, விபத்தாலோ நோயாலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது. இறந்தவர் நியமித்தவருக்கோ வாரிசுக்கோ பணம் போகும். காலவரையறை ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓர் ஆண்டு போதும் என்பது புதிய தொகுப்பு தந்த வசதி. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டு நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஐந்து ஆண்டு முடிய ஓரிரு மாதம் இருக்கையில் ராஜினாமாக் கடிதம் நீட்டுபவர், முடிந்தால் பொறுத்திருந்து நீட்டுவதே நல்லது.

வேலை முடிந்து தொகை உரியதானதிலிருந்து 30 நாளுக்குள் பணம் கைக்கு வர வேண்டும். ஊழியர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவிப்பது முதலாளியின் கடமை. தாமதித்தால் வட்டி கொடுக்க வேண்டும் என்ற பிரிவும் 26 பிறந்த அதே 1987 திருத்தத்தில்தான் வந்தது. அதன்படி அரசு அறிவித்த வீதம் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. நம் மேற்பார்வையாளரின் 3,10,500 ரூபாய் எட்டு மாதம் தாமதமானால் அந்த வீதத்தில் 20,700 ரூபாய் வட்டி சேரும். நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நியமன ஆணை, கடைசிச் சம்பளச் சீட்டு, பணி விடுவிப்புக் கடிதம் மூன்றையும் பத்திரமாக வைத்திருப்பவருக்கு அங்கே வேலை சுலபம்.

வேலைக்குச் சேரும்போது கையில் தரும் ஆண்டுச் சம்பள விவரத்தில், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் பணிக்கொடை என்று பல நிறுவனங்கள் ஒரு வரி போடுகின்றன. 15ஐ 26ஆல் வகுத்து, வந்ததை 12 மாதத்துக்குப் பங்கிட்டால் கிடைப்பதுதான் அது. நிரந்தர வேலையில் சேர்ந்து மூன்றே ஆண்டில் வெளியேறுகிறவருக்கு அந்த வரியில் காட்டிய பணம் சட்டப்படி வராது. சம்பளம் பேசும்போதே அதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும்.